விலைப் பட்டியலுக்கு மேல் ஒரு கேள்விக்குறி

பதின்மூன்று வருஷம் மெத்தைக் கடையில் நின்றவர் அவர். நின்றவர் என்றால் நின்றவர்தான். சுற்றிலும் படுக்கையாக அடுக்கி வைத்திருந்த அந்தக் கடையில், விற்கிற மனிதர் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. கால் நரம்பு புடைத்ததுதான் மிச்சம் என்று அவர் மனைவி சொல்வாள். அவரைக் கேட்டால், இன்னொன்றும் மிச்சம் என்பார். கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் எதற்காக வருகிறார் என்பது, அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே இவருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றே தினுசுதான். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார். விலைச்சீட்டு பக்கம் கண்ணே போகாது. "ஏங்க, முதுகு வலிக்கு மெத்தைதான் காரணமா?" என்பார். அவருக்கு வேண்டியது பதில். இன்னொரு தினுசு, புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து இரண்டு மெத்தையை மாறி மாறி அமுக்குவார்கள். அமுக்கிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது வித்தியாசம். மூன்றாமவர் கட்டிலின் அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு நேராக பில் போடும் இடத்துக்கு வந்துவிடுவார். முதலாமவரிடம் பில் புத்தகத்தை நீட்டினால் ஓடிப்போவார். மூன்றாமவரிடம் பஞ்சின் வரலாற்றை ஆரம்பித்தால் அடுத்த கடைக்குப் போவார். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை, ஆளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பார்.

கடையை இடித்து வண்டி நிறுத்துமிடமாக்கியபோது அவருக்கு நாற்பத்தொன்று. கடையின் இணையப் பக்கத்துக்கு மெத்தைகளைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்ததை வைத்து, ஒரு கம்பெனியில் தமிழ்ப் பக்கங்களுக்குத் தலைப்பு வைக்கும் வேலை கிடைத்தது. தேடுகிற பெட்டியில் ஜனங்கள் எதையோ அடிக்கிறார்களே, அடித்ததும் வரிசையாக நீல எழுத்தில் வந்து நிற்கிறதே, அந்த ஒரு வரிதான் அவர் வேலை. மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டிகள் சூடு ஊதும் ஓர் அறை. பன்னிரண்டு நாற்காலி. இருபத்திரண்டு, இருபத்தெட்டு வயதுகளுக்கு நடுவில் இவர் ஒருவர் மட்டும் நரைத்த மீசையோடு. 'மெத்தை அண்ணன்' என்ற பெயர் முதல் வாரமே ஒட்டிக்கொண்டது. இவரும் உரித்துப் போடவில்லை.

முதல் தடவையாக உட்கார்ந்து வேலை பார்த்தார். அதற்கே ஒரு மாதம் கூச்சப்பட்டார்.

வேலை பழகியதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் அதே மூன்று தினுசுதான். 'ஏன்', 'எப்படி', 'என்ன' என்று அடிக்கிறவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர். 'எது நல்லது', 'வித்தியாசம்' என்று அடிக்கிறவர் மாறி மாறி அமுக்குகிறவர். 'விலை', 'டெலிவரி' என்று அடிக்கிறவர் துண்டுக் காகிதத்தோடு வந்தவர். வெறுமனே ஒரு பொருளின் பெயரை மட்டும் அடிக்கிற ஊமைகளும் உண்டு. அவர்கள் மனசை அறிய அவர் ஒரு வழி வைத்திருந்தார். அதே சொல்லைத் தானும் அடித்து, முதலில் வரும் பத்துப் பக்கங்களைத் திறந்து பார்ப்பார். பத்தில் எட்டு கடைப் பக்கமாக இருந்தால், வந்தவர் வாங்க வந்தவர். பத்தில் எட்டு விளக்கமாக இருந்தால், தெரிந்துகொள்ள வந்தவர். கலந்து கிடந்தால், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறவர் என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்ப்பார். பிறகு தன் பக்கத்தை அச்செடுத்து, விரல் வைத்து வரி வரியாக வாசிப்பார். வந்தவர் கேட்டது அந்தப் பக்கத்தில் இருந்தால்தான் தலைப்பு. இல்லையென்றால் பக்கத்தை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

"காகிதத்துல அச்செடுக்கற ஒரே ஆளு நீங்கதான் அண்ணே," என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி. வாடிக்கையாளர் விசாரணைகளுக்குப் பதில் போடுகிறவள். வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிடும்போது கூட 'ஹலோ' என்றுதான் ஆரம்பிப்பாளாம். அதனால் அவள் பெயரே ஹலோ.

"திரையில படிச்சா என் கண்ணு ஓடிடுதும்மா. காகிதத்துல பொய் இருந்தா தடவிப் பார்க்கும்போதே தெரிஞ்சிரும்," என்பார் அவர்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தது காற்றுப் படுக்கை.

எழுந்திருக்க முடியாமல் மாதக்கணக்கில் கிடக்கிற நோயாளிகளுக்கு விற்கும் படுக்கை அது. உள்ளே குழல் குழலாக இருக்கும். சின்ன மோட்டார் ஒன்று குழல்களில் மாற்றி மாற்றிக் காற்றை ஏற்றி இறக்கும். ஒரே இடத்தில் உடம்பு அழுந்திக் கிடக்காது. அதை விற்கிற முதலாளிக்கு இணையத்தில் ஒரே ஒரு பக்கம் இருந்தது. ஒன்பது மாடல், ஒன்பது படம், ஒன்பது விலை, கடைசியில் ஓர் ஆர்டர் படிவம். அதற்கு மெத்தை அண்ணன் வைத்திருந்த தலைப்பு: 'காற்றுப் படுக்கை விலை: ஒன்பது மாடல்கள், வீட்டுக்கே டெலிவரி'. கூட்டம் அதிகம் வராது, ஒரு நாளைக்கு நாற்பது பேர். ஆனால் வந்தவர்கள் துண்டுக் காகிதத்தோடு வந்தவர்கள். வாரத்துக்கு எட்டுப் படுக்கை போய்க்கொண்டிருந்தது.

எட்டு என்பது கிராஃபுக்குப் போதவில்லை.

கிராஃப் என்பது அங்கே எல்லாருக்கும் மேலே இருந்த தம்பிக்கு, முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். முப்பது வயது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பான். சுவரில் மாட்டிய திரையில், வருகிற கூட்டத்தையும் ஆர்டரையும் கணக்குப் போட்டு ஒரு பச்சைக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். அது ஏறினால் ஊருக்கே டீ வாங்கிக் கொடுப்பான், இறங்கினால் சாப்பிட மாட்டான்.

"அண்ணே, இங்க பாருங்க," என்று ஒரு நாள் கூப்பிட்டான். "காற்றுப் படுக்கை விலைன்னு தேடறவனைக் கைவிரல் விட்டு எண்ணிடலாம். படுக்கைப் புண் ஏன் வருதுன்னு தேடறவன் எத்தனை பேரு தெரியுமா? முப்பது மடங்கு! நாம அங்க ஒரு கடை போட்டா என்ன?"

"போடலாமே தம்பி. புண் ஏன் வருது, என்ன செய்யணும்னு ஒழுங்கா ஒரு தனிப் பக்கம் எழுதி..."

"தனிப் பக்கமா? எழுத ஆள் எங்க? இருக்கற பக்கத்துத் தலைப்பை மாத்துங்க, போதும்."

"அது விலைப் பட்டியல் தம்பி."

"தலைப்பு வெளியில இருக்கு, பட்டியல் உள்ள இருக்கு. உள்ள வந்துட்டான்னா வாங்கிடுவான்."

"அப்பா முதுகுல புண்ணோட கிடக்கறாரு, என்ன செய்யறதுன்னு ஓடி வர்றவன் முன்னாடி ஒன்பது விலையை நீட்டினா என்ன வாங்குவான்? திரும்பிப் போவான். நிறையப் பேர் அப்படித் திரும்பினா பக்கமும் கீழ இறங்கும். சில சமயம் தேடுபொறியே நம்ம தலைப்பைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணைக் காட்டும். அதோட, விலை தேடி வர்றவனுக்கு நம்ம தலைப்புல விலையே இருக்காது. அவனும் போயிடுவான்."

கிராஃப் சிரித்தான். "அண்ணே, மெத்தைக் கடையை விட்டு வெளிய வாங்க."

அந்தச் சிரிப்பில் இருந்த இளக்காரத்தை அவர் விழுங்கிக்கொண்டார். வேலைக்கு நடுவில் இன்னொரு வேலை தேடும் வயதில்லை, பெண்ணுக்குக் கல்லூரி, இப்படி விழுங்குவதற்குத் தோதான காரணங்கள் எப்போதும் கைவசம் இருக்கும். போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஏனோதானோவென்று எழுதியிருக்கலாம். கை கேட்கவில்லை. பதின்மூன்று வருஷம் ஆள் பார்த்த கை. பயந்துபோன ஒரு மகளோ மருமகளோ எப்படிக் கேட்பாள் என்று யோசித்து எழுதியது: 'படுக்கைப் புண் ஏன் வருகிறது? வீட்டிலேயே என்ன செய்யலாம்?'

நல்ல தலைப்பு. அதுதான் பின்னால் அவரை உறுத்தியது. மோசமாக எழுதியிருந்தால் கொஞ்சமாவது மனசு ஆறியிருக்கும்.

பக்கத்தின் உச்சியில் கிராஃப் தன் பங்குக்கு மூன்று வரி சேர்த்தான். படுக்கைப் புண் மிகவும் வேதனையானது, படுக்கைப் புண் பலருக்கும் வருகிறது, எங்கள் காற்றுப் படுக்கை இருக்கப் படுக்கைப் புண்ணைப் பற்றி இனிக் கவலை இல்லை. அவ்வளவுதான். அதற்குக் கீழே முதல் மாடல், முதல் விலை.

அந்தக் கேள்விக்குத் தமிழில் உருப்படியான பக்கம் அதிகம் இல்லாததால், இந்தப் பக்கம் மளமளவென்று மேலே ஏறியது. பச்சைக்கோடு மாடிப்படி மாதிரி போனது. கிராஃப் கேக் வாங்கி வந்தான். நாற்பது பேர் வந்த இடத்தில் எழுநூறு பேர். மூன்று வாரத்தில் அறுபத்தொரு ஆர்டர் என்று அறிக்கை போனது. முதலாளி போனிலேயே கைதட்டினாராம். மெத்தை அண்ணன் கேக்கைக் காகிதத்தோடு மேஜையில் வைத்தார். எறும்பு மொய்த்தது.

அறுபத்தொன்று எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவே இல்லை. தான் நினைத்தது தப்போ, உலகம் மாறிவிட்டதோ என்று கூட நினைத்தார்.

மறுநாள் காலை ஹலோ அவர் நாற்காலியைக் காலால் எத்தினாள். "அண்ணே, இதைப் பாருங்களேன்."

அவள் திரையில் ஆர்டர் படிவங்கள் வரிசையாக இருந்தன. பெயர், போன், முகவரி, எண்ணிக்கை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். வீட்டில் நாய் இருந்தால், மாடிப்படி குறுகலாக இருந்தால் எழுதுவதற்கான கட்டம் அது. அதில் இப்படி எழுதியிருந்தார்கள்:

'அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது. மருந்து தடவலாமா?'

'புண்ணில் தண்ணீர் படலாமா கூடாதா, தயவுசெய்து சொல்லவும்.'

'உங்கள் பக்கம் முழுக்கப் பார்த்தேன். என்ன செய்யலாம் என்பது எங்கே இருக்கிறது?'

"எண்ணிக்கையில எல்லாரும் ஒண்ணுன்னு போட்டிருக்காங்களே?" என்றார்.

"அந்தக் கட்டத்துல பூஜ்யம் போட்டா படிவம் போகாதுண்ணே. கேள்வி கேக்க வேற இடமே கிடையாது. அதான் ஒண்ணுன்னு போட்டுட்டுக் கேக்கறாங்க. அறுபத்தொண்ணுல நான் எண்ணிட்டேன். ஐம்பத்தாறு, கேள்வி."

"அப்ப நிஜ ஆர்டர்?"

"அஞ்சு. மூணு வாரத்துக்கும் சேர்த்து."

மூன்று வாரத்துக்கு இருபத்துநாலு போயிருக்க வேண்டிய படுக்கை. விலை தேடி வருகிறவன் போய்விடுவான் என்று அவர் சொன்னது அப்படியே நடந்திருந்தது. ஆனால் சொன்னது பலித்த சந்தோஷம் வரவில்லை. அழுகையை எண்ணி ஆர்டர் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கேக்கும் வெட்டியிருக்கிறார்கள். தன் மேஜையிலிருந்த எறும்பு மொய்த்த காகிதத்தைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். அப்போதும் விரலில் இனிப்புப் பிசுக்கு இருப்பது போலவே இருந்தது.

"இவங்களுக்கெல்லாம் நீ என்ன பதில் போட்டே?" என்று திரும்பி வந்து கேட்டார்.

"நான் எங்கண்ணே போட்டேன்? 'உங்கள் ஆர்டருக்கு நன்றி'ன்னு தானா போயிடும். போன் நம்பர் சரியா இருந்தா கிடங்குல இருந்து படுக்கையும் போயிடும், பொருள் வந்ததும் பணம்னு. பாதிப் பேர் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, மிச்சம் இன்னும் போய்ச் சேரலை. இந்தம்மா மட்டும் வாங்கிக்கிட்டாங்க. அதான் பயமா இருக்கு."

ஒரு பெண் மூன்று தடவை எழுதியிருந்தாள். முதலாவது, இரண்டு வாரத்துக்கு முன்னால்: 'அப்பாவுக்குப் பக்கவாதம், படுக்கையில் இருக்கிறார். முதுகடியில் தோல் சிவந்திருக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?'

இரண்டாவது: 'நான் கேள்விதான் கேட்டேன். படுக்கை வந்துவிட்டது. பரவாயில்லை, வாங்கிக்கொண்டேன். இனிக் கவலை இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் புரட்ட வேண்டாம்தானே? எனக்கும் தோள்பட்டை விட்டுவிட்டது.'

மூன்றாவது, முந்தின நாள் மாலை: 'யாரும் பதில் சொல்லவில்லை. நாலு நாளாகப் புரட்டவில்லை. வாடை வருகிறது. அது சாதாரணமா?'

மூன்றுக்கும் தலைக்கு மேல் 'எண்ணிக்கை: 1'.

மெத்தை அண்ணன் அந்த மூன்றையும் அச்செடுத்தார். விரல் வைத்து வாசித்தார். நேராகக் கண்ணாடி அறைக்குப் போய் மேஜையில் வைத்தார்.

கிராஃப் படித்தான். உதட்டைப் பிதுக்கினான். "பாவம்தான். ஆனா நாம டாக்டர் இல்லையே அண்ணே. ஏதாவது சொல்லி ஏடாகூடமா ஆச்சுன்னா? பொதுவா ஒரு நன்றி அனுப்பச் சொல்லுங்க. தலையணைக்கு இந்த வாரம் தள்ளுபடி இருக்கு, அந்த லிங்க்கையும் சேர்த்து விடச் சொல்லுங்க."

"தலையணையா?"

"ஏற்கெனவே நம்மகிட்ட வாங்கின கஸ்டமர்தானே."

அவருக்கு நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறியது. துப்புவதற்கு முன்னால் ஊறுமே, அப்படி. "வீட்டிலேயே என்ன செய்யலாம்னு கேள்வியைக் கொட்டை எழுத்துல எழுதிக் கூப்பிட்டது நாம. இப்ப டாக்டர் இல்லைங்கறோம். அப்ப அந்தத் தலைப்பை எடுத்துடறேன்."

"எழுநூறு பேர் வர்ற தலைப்பை எடுக்கறதா? கைய வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

'இப்ப மட்டும்?' என்று கேட்க நினைத்தார். வெளியே வந்து ஹலோவிடம் அந்தப் பெண்ணின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். அன்றைக்கு அவளுக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, சமையல் மேடையில் சாய்ந்தபடி தட்டில் இருந்ததை நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார்.

"தலைப்பு நல்லா இருக்கே," என்றாள். விரலால் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். முகம் சுளித்தது. "என்னங்க இது? ஏன் வருதுன்னு போட்டிருக்கான், ஏன் வருதுன்னே காணோம். கடைசி வரைக்கும் விலைதான் இருக்கு. இனிக் கவலை இல்லையாமே! எந்தப் பாவி இப்படித் தலைப்பு வெச்சான்?"

"நான்தான்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அவரையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் தட்டைக் கழுவும் தொட்டியில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல அந்தம்மா நம்பரைப் போடுங்க. உங்களை அப்புறம் வெச்சுக்கறேன்," என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் அவர் பொங்கிப் பொங்கி அனுப்பிய குரல் செய்தியிலேயே அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தார், தலைப்பு வைத்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு.

மறுமுனையில் எடுத்த குரலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆனால் அந்தக் குரல் உட்கார்ந்தே பல வாரம் ஆகியிருக்கும். "படுக்கைக் கம்பெனியா? எனக்குத் தலையணை வேண்டாங்க," என்றது எடுத்த எடுப்பில். ஆக, தள்ளுபடி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஹலோ அனுப்பியிருக்க மாட்டாள். கண்ணாடி அறையிலிருந்தே அனுப்பியிருக்கிறான்.

"கம்பெனி இல்லம்மா. நான் நர்ஸ். நீங்க எழுதினதைப் பார்த்தேன்," என்றாள் மனைவி. அவள் குரல் வார்டுக் குரலாக மாறிவிட்டது. "அப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கா? புண்ணு எவ்வளவு பெருசு? உள்ள குழியாத் தெரியுதா? என்ன நிறம்?"

எதிர்முனை தாழ்ந்த குரலில் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மனைவியின் முகம் மட்டும் கேட்டது.

"சரி. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கே. வாடை வந்து காய்ச்சலும் இருந்தா வீட்டுல வெச்சுப் பார்க்கற விஷயம் இல்ல அது. வண்டில மல்லாக்கப் போடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, புண்ணு அழுந்தக் கூடாது... இல்லம்மா, அந்தப் படுக்கை தப்பில்ல, நல்லதுதான். ஆனா அதுல படுத்தாலும் புரட்டணும். எத்தனை மணிக்கு ஒரு தடவைங்கறதை அவரைப் பார்க்கறவங்க சொல்வாங்க, ஆனா புரட்டாம மட்டும் விடக் கூடாது... அழாதீங்க. நீங்க தப்புப் பண்ணலை. ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டின பொண்ணு நீங்க. உங்களை நிறுத்தச் சொன்னது யாரு?"

மெத்தை அண்ணன் பால்கனிக்குப் போய்விட்டார். கம்பியில் காய்ந்துகொண்டிருந்த அவள் வெள்ளைச் சீருடை காற்றில் ஒருமுறை திரும்பிப் படுத்தது.

அன்று மாலை முழுக்க அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எலும்பு துருத்தும் இடத்தில் உடம்பின் பாரம் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் அங்கே ரத்தம் ஓடாது, தோல் சாகும். இடுப்படி, குதிகால், தோள்பட்டை, இவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால், அது ஆரம்பம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, அதனால் சூட்டையும் தடிப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்தில் விடக் கூடாது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தோல் கிழிந்தால், வாடை, சீழ், காய்ச்சல் வந்தால், அப்போதே வைத்தியம். "இதுல எங்கயாவது படுக்கை வாங்குன்னு நுழைச்சீங்க, பேனாவைப் பிடுங்கிடுவேன்," என்றாள். மறுநாள் வார்டு டாக்டரிடம் காட்டி இரண்டு இடம் திருத்தி வாங்கி வந்தாள்.

அதற்கடுத்த நாள் அவர் எல்லாருக்கும் முன்னால் அலுவலகத்துக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. ஒரு பக்கம் மூன்றானது. மனைவி சொன்னதைத் தனிப் பக்கமாக்கி, அந்தக் கேள்வித் தலைப்பை அதன் தலையில் வைத்தார். இரண்டாவது, 'காற்றுப் படுக்கையா, ஃபோம் படுக்கையா: யாருக்கு எது பொருந்தும்?' அதில் இரண்டின் நல்லது கெட்டது இரண்டையும் எழுதி, எதில் படுத்தாலும் புரட்ட வேண்டும் என்று முதல் பத்தியிலேயே போட்டார். மூன்றாவது, பழைய விலைப் பக்கம். 'இனிக் கவலை இல்லை' உள்ளிட்ட மூன்று வரியையும் அழித்தார். பழைய விலைத் தலைப்பே திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் அடுத்த பக்கத்துக்கு ஒரு வழி. தெரிந்துகொள்ள வந்தவருக்கு வேண்டுமானால் ஒப்பிடப் போகலாம், ஒப்பிட்டவர் விலைக்குப் போகலாம். கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

பத்து மணிக்குக் கண்ணாடி அறைக் கதவு படாரென்று திறந்தது.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரையும் கேக்கலை."

"முதலாளி லைன்ல இருக்காரு. நீங்களே சொல்லுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

திரையில் படுக்கை முதலாளியின் முகம் தெரிந்தது. காலில் விழுகிற வேலையெல்லாம் மெத்தை அண்ணனுக்கு வராது. அவர் அச்செடுத்த படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார். அறுபத்தொன்றில் ஐம்பத்தாறு ஆர்டர் இல்லை, கேள்வி. விலை தேடி வந்தவர்கள் தலைப்பில் விலையைக் காணாமல் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பிறகு அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னார். நாலு நாள் புரட்டாததையும் வாடையையும் சொன்னார்.

முதலாளி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப திரும்பி வந்த முப்பது படுக்கைக்கும் லாரிக்கூலி நான்தான் கட்டியிருக்கேனா?" என்றார்.



"யோவ், கேள்வி கேட்டவனுக்கெல்லாம் படுக்கை அனுப்பியிருக்கீங்களா? மாத்தினது மாத்தினதாவே இருக்கட்டும். மறுபடி ஒரு படுக்கை சும்மா திரும்பி வந்துச்சு, அப்புறம் பாருங்க." திரை அணைந்தது.

ஆக, ஜெயித்தது லாரிக்கூலி. அந்தப் பெண்ணின் அப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புண் குழியாகிப் போனது யாருக்கும் உறைக்கவில்லை. டீசல் செலவு உறைத்தது. நல்லது நடந்த விதமே இப்படி என்றால் அதையும் தொட்டுவிட்டுக் கை கழுவத்தான் தோன்றியது அவருக்கு.

அதைவிட அசிங்கம் ஒரு மாதம் கழித்து வந்தது. விலைப் பக்கத்தில் வாரத்துக்கு எட்டு என்பது ஒன்பதாகி, பதினொன்றாகி நின்றது. கேள்விப் பக்கத்துக்கு வந்தவர்கள் கடைசி வரி வரை படித்தார்கள். கிராஃப் எல்லாரையும் கூப்பிட்டு, 'என்னுடைய மூன்று பக்க ஃபார்முலா' என்று தலைப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினான். ஹலோ மேஜைக்கடியில் மெத்தை அண்ணனின் காலை மிதித்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டம் முடிந்து நாற்காலிக்கு வந்தபோதுதான் நாலாவது படிவம் வந்தது.

'எண்ணிக்கை: 1. இது ஆர்டர் இல்லை. தயவுசெய்து எதையும் அனுப்பி வைக்காதீர்கள். அப்பாவை அன்றைக்கே சேர்த்துவிட்டோம். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஆழமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாடை நின்றுவிட்டது. வீட்டுக்கு வர இன்னும் நாளாகும் என்கிறார்கள். நான் தப்புப் பண்ணவில்லை என்று சொன்ன அந்த அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லுங்கள்.'

அதற்குக் கீழேயே, தானாகப் போகும் வரி போயிருந்தது: 'உங்கள் ஆர்டருக்கு நன்றி.'

சுவரில் பச்சைக்கோடு ஒரு மயிரிழை மேலே ஏறியது.

"ஹலோ, இதைக் கணக்கிலிருந்து எடும்மா," என்றார்.

"எடுத்தா தெரிஞ்சிடும்ணே."

"தெரியட்டும்."

அவள் எடுத்தாள். கோடு இறங்கியது. கண்ணாடிக் கதவு திறந்து கிராஃபின் தலை எட்டிப் பார்த்தது. "ஒண்ணு குறைஞ்சிருக்கே, ஏன்?"

இரண்டு வருஷத்தில் அவன் கேட்டு இவர் பார்த்த முதல் 'ஏன்'. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவனைப் பார்த்தது போல, ஒரு கணம் அவருக்கு மனசு இளகியது. கேட்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுதானே இத்தனை நாள் அவர் செய்துவந்த வேலை. அந்தப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்தார்.

கிராஃப் நின்றபடியே படித்தான். நிதானமாகத்தான் படித்தான். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் கண் கூடக் கொஞ்சம் கலங்கினாற்போல் இருந்தது.

"நல்லா இருக்குண்ணே," என்றான். "அந்தக் கடைசி வரி ரொம்ப டச்சிங். பேரை எடுத்துட்டு, விலைப் பக்கத்துல வாடிக்கையாளர் கருத்துன்னு போட்டுடலாமா?"

மெத்தை அண்ணன் கையை நீட்டினார். அவன் கொடுக்கட்டும் என்று காத்திருக்காமல் காகிதத்தை அவன் விரலிலிருந்து உருவிக்கொண்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அது வீட்டுக்குப் போக வேண்டியது, அக்காவுக்கு வந்தது.

பிறகு குழாயடிக்குப் போனார். சோப்பைத் தேய்த்து, முழங்கை வரை, இரண்டு தடவை கழுவினார்.